ஓடிக்கொண்டிருக்கும் தொடரின் குரலில் ஒரு எபிசோடு எழுதுவது எப்படி?

அமெரிக்கத் தொலைக்காட்சி உலகில் புதிய எழுத்தாளர்களுக்குப் பயிற்சி தரும் ஃபெலோஷிப்புகள் உண்டு. சிலவற்றில் விண்ணப்பத்தோடு ஒரு ‘ஸ்பெக் ஸ்கிரிப்ட்’ கேட்பார்கள். வேறொருவர் உருவாக்கிய தொடருக்கு நீங்களாகவே எழுதிப் பார்க்கும் மாதிரி எபிசோடு அது. யாரும் அதைப் படமாக்கப் போவதில்லை. இன்னொருவர் வீட்டுக்குள் போய் அந்த வீட்டுப் பேச்சைப் பேச உங்களால் முடிகிறதா என்பதுதான் தேர்வு.

எந்தெந்தத் தொடர்களை ஏற்பார்கள், எத்தனை பக்கம் வரை, முகப்பில் பெயர் இருக்கலாமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். விதிகளை முதலில் படியுங்கள். நான் இங்கே ‘அபாட் எலிமென்டரி’யை எடுத்துக்கொள்கிறேன். பிலடெல்பியாவின் அரசுப் பள்ளி ஒன்றில் நடக்கும், ஆவணப்படம் போல எடுக்கப்பட்ட அரைமணி நேர நகைச்சுவைத் தொடர். ஏபிசி சேனலில் 2021 டிசம்பரில் தொடங்கியது.

1. மூன்று எபிசோடுகளைப் பிரித்து எழுதுங்கள்

ரசிப்பதற்காகப் பார்த்தது போதாது. இந்த முறை பேனாவோடு உட்காருங்கள். ஒவ்வொரு காட்சியும் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது, அதில் யார் எதை விரும்புகிறார், காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். டைட்டிலுக்கு முன் வரும் சிறு காட்சி எவ்வளவு நேரம், முக்கியக் கதை யாருடையது, பக்கக் கதை எத்தனை முறை தலைகாட்டுகிறது என்றும் குறியுங்கள்.

இந்தத் தொடரில் அதிகம் கவனிக்க வேண்டியது, பாத்திரங்கள் கேமராவைப் பார்த்துத் தனியாகப் பேசும் இடங்கள். அவை கதைச்சுருக்கம் சொல்ல வருவதில்லை. சக ஆசிரியரிடம் சொல்ல முடியாததை, அல்லது சற்றுமுன் சொன்னதற்கு நேர்மாறானதைச் சொல்லத்தான் பெரும்பாலும் வருகின்றன. தொடக்க எழுத்தாளர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அந்தப் பேச்சை எடுத்துவிட்டாலும் கதை புரிந்து, சிரிப்பும் குறையவில்லை என்றால் அது தேவையில்லாத பேச்சு.

2. ஒரே பொருளை எல்லார் கையிலும் கொடுத்துப் பாருங்கள்

என் முதல் ஸ்பெக்கில் பாத்திரங்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தைகளையெல்லாம் பொறுக்கி நிரப்பினேன். படித்த நண்பர், “எல்லாரும் அவங்க மாதிரிதான் பேசுறாங்க, ஆனா யாரும் அவங்க இல்ல” என்றார். குரல் வார்த்தையில் இல்லை. ஒரு சிக்கலைப் பார்த்ததும் அந்த ஆள் முதலில் என்ன செய்வார் என்பதில் இருக்கிறது.

உதாரணமாக, காணாமற்போன பொருட்கள் பெட்டியில் ஒற்றைக் கையுறை கிடைக்கிறது என்று வைப்போம். இளம் ஆசிரியை ஜனீன், அந்தக் குழந்தையின் கை குளிருமே என்று பதறி, பள்ளி முழுக்க அறிவிப்பு ஒட்டுவாள். முதல்வர் ஏவா, பெட்டியில் இருப்பதையெல்லாம் இணையத்தில் விற்றால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடுவாள். ஆசிரியை மெலிசா, “எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான், சாயங்காலத்துக்குள்ள ஜோடி வந்துடும்” என்பாள். அனுபவசாலியான ஆசிரியை பார்பரா, குழந்தையே தேடி வரும் என்று வேலையைத் தொடர்வாள். ஆசிரியர் கிரெகரி ஒன்றும் சொல்லாமல் கேமராவைப் பார்ப்பான். யாரும் தங்கள் வழக்கமான வாசகத்தைச் சொல்லவில்லை. ஆனாலும் இன்னார் என்று தெரிகிறது.

இதுவே கதையாகவும் வளரும். உரியவரிடம் எல்லாவற்றையும் சேர்க்க ஜனீன் கிளம்புகிறாள். ஏவா பாதியை ஏற்கனவே விற்றுவிட்டாள். கடைசிவரை கேட்க ஆளில்லாத ஒரு பொருள், பல வருடங்களுக்கு முன் பார்பராவிடம் படித்த மாணவனுடையது என்று தெரியவருகிறது. எழுதத் தொடங்கும் முன் எபிசோடு பட்டியலை ஒருமுறை பாருங்கள். இதே கதை வந்திருந்தால் வேறு பொருள் தேடுங்கள்.

3. வீட்டுச் சாமான்களை நகர்த்தாதீர்கள்

எபிசோடு முடியும்போது எல்லாரும் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். திருமணம், மரணம், வேலை மாற்றம் வேண்டாம். உங்கள் சொந்தப் பாத்திரத்தை விருந்தாளியாகக் கொண்டுவந்து நடுவில் நிறுத்துவதும் வேண்டாம். படிப்பவர் தேடுவது ஜனீனைத்தான்.

இதில் காலமும் ஒரு சிக்கல். ஜனீனும் கிரெகரியும் 3ஆவது சீசன் முடிவில் காதலில் இணைந்தார்கள். அதற்கு முன் எழுதிய ஸ்பெக்கில் அவர்கள் தயங்கிக்கொண்டிருந்தால், இன்று அது பழையதாகிவிடும். எந்த எபிசோடுக்குப் பின் உங்கள் கதை நடக்கிறது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஸ்பெக்கை மறு வருடத்துக்கு எடுத்துவைக்கும்போதும் இதைச் சரிபாருங்கள்.

4. எழுதி, பெயர்களை மறையுங்கள்

ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது கணக்கு. அரைமணி நேரத் தொடர் விளம்பரம் போக 22 நிமிடம் அளவில் ஓடினாலும், நகைச்சுவையில் பேச்சு வேகமாகப் போவதால் ஸ்கிரிப்ட் 30 பக்கத்தைத் தாண்டுவது இயல்புதான். அந்தத் தொடரின் ஸ்கிரிப்ட் ஒன்று கிடைத்தால் அதன் பக்க அளவையும் அமைப்பையும் அப்படியே பின்பற்றுங்கள்.

முதல் வரைவு முடிந்ததும், வசனங்களுக்கு மேலுள்ள பெயர்களை அழித்து, தொடரைப் பார்க்கும் ஒருவரிடம் ஐந்து பக்கம் கொடுங்கள். யார் பேசுவது என்று அவர் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வசனத்தை மட்டும் மெருகேற்றினால் போதாது. அந்த நொடியில் அந்தப் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பதை மீண்டும் முடிவு செய்து, காட்சியையே திருப்பி எழுதுங்கள்.