மாதம் 200 வெள்ளி, 20 ஆண்டு: வட்டி எப்போது குட்டி போடுகிறது?

பினாங்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் என் அக்காள் மகளுக்கு வயது 35. போன மாதம், பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் யூனிட் டிரஸ்ட் நிதியை விற்கும் ஒரு முகவர் கொடுத்த வண்ணத்தாளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். அதில் ஒரு கோடு தரையோடு தவழ்ந்துவந்து, கடைசியில் கொம்தார் கட்டடம் போல நிமிர்ந்து நின்றது. "மாதம் 200 வெள்ளிதான் என்னால் முடியும், சித்தி. உண்மையிலேயே இப்படி ஏறுமா?" என்று கேட்டாள். ஒரு தாளை எடுத்து இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

படி 1: விகிதத்தை அடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்

எங்கள் கணக்குக்கு ஊழியர் சேமநிதியை எடுத்துக்கொண்டோம். சம்பளத்தில் பிடிப்பது போக, விரும்பினால் நாமே கூடுதலாகவும் அதில் போடலாம். வட்டிபோல வரும் இலாப ஈவு ஆண்டுக்கு ஒரு முறை கணக்கில் சேரும். வழக்கமான சேமிப்புக்கு 2020இல் 5.20, 2022இல் 5.35, 2023இல் 5.50, 2024இல் 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். சட்டப்படி உறுதி செய்யப்பட்ட குறைந்தபட்ச விகிதம் 2.5 விழுக்காடுதான். நாங்கள் 5 என்று வைத்துக்கொண்டோம். முகவரின் தாளில் 10 என்று இருந்தது. 20 ஆண்டுக்கு 10 என்று எழுத ஒரு பேனா போதும்.

படி 2: முதல் ஆண்டை மட்டும் கணக்கிடுங்கள்

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். ஆண்டுக்கு 2,400 வெள்ளி போடுகிறோம், 5 விழுக்காடு என்றால் 120 வெள்ளி என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பணம் முழுவதும் ஆண்டு முழுக்கக் கணக்கில் இருக்கவில்லை. ஜனவரி முதல் தேதி போட்ட 200 வெள்ளி 12 மாதம் இருந்தது. டிசம்பரில் போட்டது ஒரே மாதம்தான் இருந்தது. சராசரி ஆறரை மாதம். ஆகவே 120 வெள்ளியை 12ஆல் வகுத்து 6.5ஆல் பெருக்க வேண்டும். விடை 65 வெள்ளி.

முதல் ஆண்டு முடிவில் கையில் இருப்பது 2,465. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இனி இதுதான் நம் செங்கல். (மாதத் தொடக்கத்தில் போடாமல் மாதக் கடைசியில் போட்டால் 65 என்பது 55 ஆகிவிடும். அந்தப் பத்து வெள்ளிச் சோம்பல் 20 ஆண்டில் ஏறக்குறைய 330 வெள்ளி ஆகிறது.)

படி 3: செங்கலின் மேல் செங்கல்

இரண்டாம் ஆண்டில் பழைய 2,465 வெள்ளிக்கு முழு ஆண்டு வட்டி கிடைக்கும், அதாவது 123.25. அதோடு புதிய ஆண்டின் 2,465 சேரும். மொத்தம் 5,053.25. அந்த 123.25இல் 120 வெள்ளி அவள் போட்ட பணம் சம்பாதித்தது. மீதி 3.25 வெள்ளியை முதல் ஆண்டின் 65 வெள்ளி வட்டி சம்பாதித்தது. கூட்டு வட்டி என்பது இந்த 3.25 மட்டுமே. அதைப் பார்த்ததும் அவள் சிரித்தாள். "இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

சிரிக்கட்டும். அடுத்த ஆண்டுகளுக்கும் இதே வேலைதான்: முந்தைய தொகையை 1.05ஆல் பெருக்கி, 2,465ஐக் கூட்டுங்கள். கணினியில் விரிதாள் இருந்தால் ஒரே வரியில் விடை வரும்:

```
=FV(0.05,20,-2465)
```

ஐந்தாம் ஆண்டு முடிவில் 13,621. பத்தாம் ஆண்டில் 31,005. பதினைந்தில் 53,191. இருபதில் 81,508 வெள்ளி. அவள் போட்டது 48,000.

நாங்கள் 20 வரிசைகளையும் கையாலேயே எழுதினோம். நீங்களும் ஒரு தடவை அப்படிச் செய்து பாருங்கள். ஒவ்வொரு வரிசையிலும் அந்த ஆண்டு வந்த வட்டியைத் தனியாக எழுதினால் ஒரு விஷயம் கண்ணில் படும். 14ஆம் ஆண்டின் வட்டி 2,248 வெள்ளி, அவள் அந்த ஆண்டு போட்ட 2,400ஐ விடக் குறைவு. 15ஆம் ஆண்டின் வட்டி 2,481. அந்த ஆண்டிலிருந்து அவளை விட அவள் கணக்கு அதிகமாகச் சம்பாதிக்கிறது. கடைசி ஆண்டில் மட்டும் 3,829 வெள்ளி வருகிறது. அதற்கு முன்னால் 14 ஆண்டுகள், சம்பளத்திலிருந்து அவள் போடுவதுதான் பெரிய பங்கு.

படி 4: வட்டியைப் பிரித்துப் பாருங்கள்

எந்த வண்ணத்தாளிலும் இந்தப் படியை நான் பார்த்ததில்லை. ஆண்டுதோறும் வந்த வட்டியைக் கணக்கில் விடாமல் எடுத்துத் தகர டப்பாவில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் ஆண்டு 65, அடுத்து 185, அடுத்து 305 என்று ஒவ்வோர் ஆண்டும் 120 வெள்ளி கூடும். இருபதையும் கூட்டினால் 24,100 வெள்ளி.

நம் கணக்கில் வந்த மொத்த வட்டி 33,508. ஆக, வட்டி போட்ட குட்டி 9,408 வெள்ளி மட்டுமே. 81,508இல் ஒன்பதில் ஒரு பங்கு. மீதியெல்லாம் அவள் போட்ட முதலும், அந்த முதலுக்கு வந்த நேர் வட்டியும். முகவரின் கோடு நிமிர்ந்து நின்றது 10 விழுக்காட்டால்தான்.

படி 5: குட்டியை எது தின்கிறது என்று பாருங்கள்

இரண்டு வாய்கள் உண்டு.

ஒன்று, இடையில் எடுப்பது. 2024 மே மாதம் முதல் 55 வயதுக்கு உட்பட்டவர்கள் சேமநிதியில் போடும் பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்குக்கும், 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்குக்கும் போகிறது. அந்த நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எட்டாம் ஆண்டு முடிவில் தீபாவளிச் செலவுக்கு 2,000 வெள்ளி எடுத்தால், இருபதாம் ஆண்டில் குறைவது 3,592. அவசரம் என்றால் எடுக்கத்தான் வேண்டும், ஆனால் விலை இதுதான்.

இன்னொன்று கட்டணம், இதுதான் பெரிய வாய். சேமநிதியின் இலாப ஈவு, செலவு போக அறிவிக்கப்படுவது. முகவர் விற்ற யூனிட் டிரஸ்டில் ஆண்டுக்கு 1.5 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் இருந்தது. தாளின் அடியில், எறும்பு எழுத்தில். அதே 5 விழுக்காடு வளர்ச்சியில் அதைக் கழித்தால் மிஞ்சுவது 3.5. முதல் ஆண்டின் செங்கல் 2,445.50 ஆகிறது. 20 ஆண்டு முடிவில் 69,158 வெள்ளி. குறைந்தது 12,350. வட்டி போட்ட குட்டி முழுவதும் போனது மட்டுமல்ல, தாயிடமும் ஒரு கடி விழுந்திருக்கிறது. போடும்போதே பிடித்துக்கொள்ளும் விற்பனைக் கட்டணத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

கட்டணத்தையும் தாண்டி நல்ல வருமானம் தந்த நிதிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே விலை இறங்கும் ஆண்டுகளும் உண்டு. அப்போது 1.05ஆல் பெருக்குவதற்குப் பதில் 0.9ஆல் பெருக்கும்படி ஆகலாம். 18ஆம் ஆண்டில் அப்படி நேர்ந்தால் அடி பெரிய தொகையின்மீது விழும். அவளுக்கு 55 வயதில் கையில் எடுக்க வேண்டிய பணம் இது என்பதால், சேமநிதியே போதும் என்று முடிவு செய்தாள்.

எங்கள் தாளில் உள்ள 5 ஓர் ஊகம்தான். ஆண்டுதோறும் இலாப ஈவு அறிவிக்கப்பட்டதும் அந்த வரிசையில் உண்மை விகிதத்தைப் போட்டு, அதற்குக் கீழே உள்ளவற்றை மறுபடி கணக்கிட வேண்டும். தாளை அவள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். 15ஆம் வரிசைக்கு மட்டும் மஞ்சள் பூசியிருக்கிறாள். 2026 ஜனவரியில் தொடங்கினால் அது 2040ஆம் ஆண்டு.