தொழில் தொடங்கிய கதை: நம்பிக்கையைக் கெடுக்கும் தவறுகள்

வெள்ளவத்தையில் யாழ்ப்பாணக் கறித்தூள் செய்து விற்கும் அக்கா ஒருவர், தன் தொழில் எப்படித் தொடங்கியது என்று பேஸ்புக்கில் போட ஒரு பதிவு எழுதியிருந்தார். போடுவதற்கு முன் என்னிடம் பார்க்கத் தந்தார். கொழும்பில் சிறு தொழில் செய்கிறவர்களின் இப்படியான பதிவுகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. பெயரைச் சொல்லாமல் எழுதலாம் என்று அவர் சொன்னதால், அந்தப் பதிவை வைத்தே விளக்குகிறேன்.

பதிவு இப்படித் தொடங்கியது: “சிறு வயதிலிருந்தே சமையலில் தீராத ஆர்வம் கொண்ட நான், எத்தனையோ தடைகளைத் தாண்டி, யாருடைய உதவியும் இல்லாமல் தனி ஒருத்தியாக உருவாக்கிய இந்தத் தூள், இன்று ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நம்பிக்கையை வென்றிருக்கிறது. தரத்தில் ஒருபோதும் சமரசம் செய்யாதவள் நான்.”

அக்கா நேர்மையானவர். தற்பெருமை பேச வேண்டும் என்று நினைத்து இதை எழுதவில்லை. எல்லாரும் இப்படித்தானே எழுதுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். ஆனால் இதில் தூள் என்ற சொல்லை எடுத்துவிட்டு ஊறுகாய் என்று போட்டாலும் பதிவு அப்படியே நிற்கும். அந்தத் தூளை ஒருநாளும் வாங்கியிராத ஒருவர் இதைப் படித்தால், சரிபார்த்துக்கொள்ள ஒரு விஷயம்கூட அவருக்குக் கிடைக்காது. போதாததற்கு, கைபேசியில் நீளமான பதிவின் முதல் சில வரிகள்தான் தெரியும், மீதி மடிந்திருக்கும். அந்தச் சில வரிகளைச் சிறுவயது ஆர்வத்துக்குக் கொடுத்துவிட்டால், விரித்துப் படிக்க வாசகருக்குக் காரணமே இருக்காது.

நான் அக்காவிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். “உங்கட தூளால எப்பவாவது யாருக்காவது நட்டம் வந்ததா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். 2021 நவம்பரில் கடும் மழை. பக்கத்துக் கடையொன்று 250 கிராம் பக்கெட் 80 கேட்டிருந்தது. அதுவரை அவர் செய்ததிலேயே பெரிய ஓர்டர் அதுதான். மில்லில் அரைத்த தூள் வரும்போதே சூடாக இருக்கும். அதைத் தட்டுகளில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகுதான் பொதி செய்ய வேண்டும். அன்று அவசரத்தில், இளஞ்சூடாக இருக்கும்போதே அடைத்து ஒட்டிவிட்டார். சூட்டில் கிளம்பிய ஆவி பக்கெட்டுக்குள் அடைபட்டு, குளிர்ந்ததும் ஈரமாகித் தூளில் இறங்கியது. இரண்டு கிழமையில் கட்டி கட்டியாகி, பூசண வாடையும் வந்துவிட்டது. கடைக்காரர் மூன்று பக்கெட்டைத் திருப்பிக் கொண்டு வந்தார். அக்கா கடைக்குப் போய் மிச்சம் இருந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு, விற்றுப்போனதற்கும் சேர்த்து 80 பக்கெட்டின் காசையும் திருப்பிக் கொடுத்தார். பக்கெட் 400 ரூபாப்படி 32,000 ரூபா. அந்த மாதம் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு மழை நாட்களில் அவர் அரைப்பதே இல்லை. பக்கெட்டில் இரண்டு திகதிகள் போடுகிறார்: அரைத்த திகதி ஒன்று, பொதி செய்த திகதி ஒன்று.

இவ்வளவும் பதிவில் இல்லை. ஏன் என்று கேட்டபோது, “இதைச் சொன்னா யார் வாங்குவினம்?” என்றார். நான் பார்க்கும் பதிவுகளில் அடிக்கடி வருகிற தவறும், அதிகம் கெடுக்கிற தவறும் இதுதான். நல்லதை மட்டும் சொன்னால் நம்புவார்கள் என்று நினைக்கிறோம். முன்பின் தெரியாத ஒருவரிடம் சாப்பாட்டுச் சாமான் வாங்குகிறவர் மனதில் உள்ள கேள்வி வேறு. ஏதாவது பிழைத்துப் போனால் இவர் என்ன செய்வார் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். “தரத்தில் சமரசம் இல்லை” என்ற வரி அதற்குப் பதில் தராது. அதை எழுதச் செலவு ஒன்றும் இல்லை, யாரும் எழுதலாம். 80 பக்கெட்டின் காசையும் திருப்பிக் கொடுத்த கதை பதில் தருகிறது. அந்தக் கடைக்காரர் இன்றும் அதே வீதியில் இருக்கிறார். இரண்டு திகதிகளும் பக்கெட்டில் இருக்கின்றன, யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

ஆனால் பிழையைச் சொல்வதிலும் பிழை விடலாம். “என் ஒரே குறை, தரம் என்று வந்தால் தூக்கமே வராது” என்று சிலர் எழுதுவார்கள். குறை என்ற பெயரில் இன்னொரு புகழ்ச்சி அது, வாசகருக்கு உடனே புரிந்துவிடும். சொல்லும் பிழை, வாங்கியவர் ஒருவரை உண்மையில் பாதித்ததாக இருக்க வேண்டும். பழியை மழையின் மேலோ மில்காரர் மேலோ போடக் கூடாது. அக்காவின் இரண்டாவது வரைவில் “மில்லில் சூடாகவே தந்துவிட்டார்கள்” என்று ஒரு வரி வந்திருந்தது. அதை எடுக்கச் சொன்னேன். அரைத்த தூள் எப்போதும் சூடாகத்தான் வரும், ஆறவிடாதது இவர். அப்புறம், இன்னும் சரிசெய்யாத பிழையைக் கதையாக எழுதவே கூடாது. இன்றைக்கும் கட்டி பிடித்த பக்கெட் கடையில் இருக்கிறதென்றால் முதலில் அதைத் திருப்பி எடுக்க வேண்டும், வாங்கியவர்களுக்கு அறிவிக்க வேண்டும். கதை அதற்குப் பிறகு.

அடுத்தது “யாருடைய உதவியும் இல்லாமல்” என்ற சொல். அக்காவின் அத்தான்தான் ஆரம்பத்தில் 75,000 ரூபா கைமாற்றாகக் கொடுத்தவர். பக்கெட் ஒட்டும் மெஷினும் அந்தக் காசில் வாங்கியதுதான். வெள்ளவத்தை எவ்வளவு சிறிய இடம் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு கலியாண வீட்டில், ஒரு கோயில் திருவிழாவில் விஷயம் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர் அந்த வரியைப் படித்தால், பதிவில் உள்ள மற்ற உண்மைகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார். “அத்தான் தந்த 75,000 ரூபாவில் தொடங்கினேன், திருப்பிக் கொடுக்க ஒன்றரை வருஷம் எடுத்தது” என்று மாற்றினோம். அக்காவின் உழைப்பு அதில் குறையவில்லை. எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

எண்களும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் என்றால் எத்தனை என்று கேட்டேன். மாதம் 300 பக்கெட் போகிறது, அதில் முக்கால்வாசி திரும்பத் திரும்ப வாங்குகிறவர்கள் என்றார். அதையே எழுதச் சொன்னேன். 300 சின்ன எண்தான், ஆனால் நம்பக்கூடிய எண்.

கதை சுவையாக இல்லையே என்று பயந்து புதிதாக ஒன்றை உருவாக்கிவிடுகிறவர்களும் உண்டு. இதற்குப் பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல. ஈபே ஏல இணையத்தளத்தை 1995இல் பியர் ஒமிடியார் தொடங்கினார். அவருடைய வருங்கால மனைவி சேகரித்த பெஸ் என்ற மிட்டாய் வரும் சின்னப் பொம்மைப் பெட்டிகளை மாற்றிக்கொள்ள வசதியாகத்தான் அந்தத் தளம் உருவானது என்று பல வருடங்களாக ஊடகங்களில் கதை ஓடியது. பத்திரிகையாளர்களின் கவனத்தைப் பிடிக்க நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அலுவலர் ஒருவர் 1997இல் கட்டிய கதை அது என்று பின்னர் வெளிவந்தது. உண்மையில் அங்கே முதலில் விற்றது பழுதான ஒரு லேசர் பொயின்டர், 14.83 டொலருக்கு. பழுதான சாமானைக்கூடத் தேடி வாங்க எங்கேயோ ஓர் ஆள் இருக்கிறார் என்பது அந்தத் தொழிலின் சாரத்தையே சொல்லும் கதை. கையில் அது இருக்கும்போதே இன்னொன்றைக் கட்டினார்கள். தொடங்கிய நாளில் நடந்த சின்ன விஷயம் எதுவென்று நிதானமாக யோசித்தால், கட்டுக்கதைக்குத் தேவை வராது.

இனி, எழுதவே தயங்கும் ஒரு விஷயம். எங்கள் ஆட்களின் பதிவுகளில் யுத்தமும் இடப்பெயர்வும் வரும். வராமல் எப்படி இருக்கும்? அக்காவின் பதிவிலும் 1995 ஒக்டோபரில் குடும்பத்தோடு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியது பற்றி ஒரு பந்தி இருந்தது. கடைசியில் “அந்த வலிதான் இந்தத் தூள்” என்று முடித்திருந்தார். அந்த வலி உண்மை, அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தப் பந்தியை எடுத்துவிட்டால், தூள் எப்படி இப்படி வந்தது என்ற விளக்கத்தில் ஏதாவது குறைகிறதா? குறைந்தால் அது கதையின் பாகம். குறையாவிட்டால், துயரத்தைக் காட்டி வாங்கச் சொல்கிறோம் என்று படிப்பவருக்குத் தோன்றிவிடும், நாம் அப்படி நினைக்காவிட்டாலும்கூட. அதோடு அந்த நினைவு அவருடையது மட்டுமல்ல. அம்மாவிடம் வாசித்துக் காட்டச் சொன்னேன். கேட்டுவிட்டு அம்மா சொன்னாராம்: “அதை ஏன் பிள்ளை தூள் விக்கிறதுக்கு எழுதுறாய்?”

பந்தி போய்விட்டது. அந்த இடத்தில் அம்மாவைப் பற்றியே இரண்டு வரி வந்தது. அம்மாவின் அளவெல்லாம் கைப்பிடிக் கணக்கு. மல்லி இத்தனை பிடி, மிளகு ஒரு சிறங்கை, வெந்தயம் விரல் நுனியில். அதைக் கிராமில் நிறுத்து எழுத அக்காவுக்கு நான்கு மாதம் எடுத்தது, அம்மாவின் கை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு அள்ளாததால். அம்மா இதைப் போடச் சம்மதித்தார், சிரித்துக்கொண்டே.

கடைசியாக ஒரு வேலை செய்தோம். தன்னைப் பற்றிய புகழ்ச்சிச் சொற்களை எல்லாம் அக்கா சிவப்பால் கோடிட்டார்: தீராத, தனி ஒருத்தியாக, சமரசம் செய்யாதவள். ஒவ்வொன்றுக்கும் எந்த நாளில் எது நடந்தது என்று எழுத முடிந்தால் அந்த நிகழ்ச்சியை எழுதிவிட்டுச் சொல்லை எடுத்தோம். முடியாதவற்றைச் சும்மா எடுத்தோம். நானூறு சொல் பதிவு இருநூற்றைம்பதாகியது. கடைக்காரரின் சம்மதத்தை அக்கா நேரில் போய்க் கேட்டார். கடைப் பெயரைப் போடாவிட்டால் சரி என்றார் அவர்.

இப்போது பதிவின் முதல் வரி இது: “2021 நவம்பரில் ஒரு கடைக்காரர் என் தூள் பக்கெட் மூன்றைத் திருப்பிக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்.” முடிவில் “ஆதரவு தாருங்கள்”, “பகிருங்கள்” எதுவும் இல்லை. பக்கெட்டின் பின்பக்கம் இரண்டு திகதிகள் எங்கே இருக்கின்றன என்று ஒரு படம். அதன் கீழே, “கட்டி பிடித்திருந்தால் திறந்த பக்கெட்டாக இருந்தாலும் கொண்டு வாருங்கள், வேறு தருவேன்” என்று ஒரு வரி.