அடுப்பில் மஞ்சள் தீயா? பர்னரைக் கழற்றிப் பாருங்கள்

கேஸ் தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால், அடுப்பை அணைத்து ஆறவிட்டு, பர்னர் மூடியின் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கழுவினால் ஈரம் போகக் காயவைத்து மாட்டுங்கள். செங்கோட்டைப் பக்கம் மட்டை அரிசிக் கஞ்சி வைக்கும் வீடுகளில் இது அடிக்கடி தேவைப்படும். பொங்கி வழிந்த கஞ்சி துளைகளில் காய்ந்து இறுகிவிடும்.

நன்றாக எரியும் பர்னரில் கேஸ் முன்கூட்டியே காற்றோடு கலந்து வருவதால் முழுதாக எரிந்து நீலமாகிறது. ஏறத்தாழ 1900 டிகிரி செல்சியஸ் வரை போகும். மெழுகுவர்த்திக்குக் காற்று வெளியிலிருந்துதான் கிடைக்கிறது. அதனால் எரியாத கரித்துகள்கள் சூடேறி மஞ்சளாக ஒளிர்கின்றன, அந்த ஒளியோடு வெப்பமும் வெளியேற, தீ சுமார் 1400 டிகிரியைத் தாண்டுவதில்லை. துளை அடைத்த பர்னரும் கிட்டத்தட்ட மெழுகுவர்த்தி மாதிரிதான்: கேஸ் செலவாகும், கஞ்சி வேகாது.

உப்புத் தண்ணீர் சிந்தினாலும் தீ மஞ்சளாகும். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம், கொஞ்ச நேரத்தில் போய்விடும். கரி பிடிக்காது, பர்னரைத் தொட வேண்டாம். சுத்தம் செய்த பிறகும் மஞ்சள் போகவில்லையென்றால் காற்று நுழையும் குழாயில் சிலந்தி வலை இருக்கலாம். அதை அடுப்பு மெக்கானிக்கிடம் விடுங்கள்.