ℤ[√2]-இன் அலகுகள்: விடை தெரிந்தும் நிரூபணத்தில் கோட்டைவிடும் இடங்கள்

a, b முழு எண்களாக இருக்கும்போது a + b√2 என்று எழுத முடிகிற எண்களெல்லாம் சேர்ந்ததுதான் ℤ[√2] வளையம். இதில் எந்தெந்த எண்ணுக்கு நேர்மாறும் வளையத்துக்குள்ளேயே கிடைக்கிறதோ அவைதான் அலகுகள். ±(1+√2)ⁿ என்ற விடை பலருக்கும் மனப்பாடம். ஏன் இவை மட்டும்தான் என்று எழுதிக் காட்டச் சொன்னால்தான் சிக்கல்.

முதல் தவறு பாதி அலகுகளைத் தொலைப்பது. N(a+b√2) = a² − 2b² என்பது நார்ம். இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் நார்ம்களும் பெருகும் (628-லேயே பிரம்மகுப்தர் தந்த முற்றொருமைதான் இது). uv = 1 என்றால் N(u)·N(v) = 1, இரண்டும் முழு எண்கள், ஆகவே N(u) என்பது 1 அல்லது −1. ஆனால் பெல் சமன்பாடு என்றதுமே a² − 2b² = 1 மட்டும் ஞாபகத்துக்கு வருவதால் பலர் அதை மட்டும் தீர்த்துவிட்டு, 3+2√2-தான் அடிப்படை அலகு என்று எழுதிவிடுகிறார்கள். 3+2√2 என்பது (1+√2)². நார்ம் −1 உள்ள 1+√2, 7+5√2 போன்றவை அந்தப் பட்டியலில் வரவே வராது. 1+√2-ஐ √2−1-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1 வரும். அப்படியானால் அது அலகுதானே?

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. நார்ம் ±1 வந்தாலே போதும் என்று நினைத்து, a, b முழு எண்களா என்று பார்க்காமல் விடுவது. (3+√2)/(3−√2)-ஐச் சுருக்கினால் (11+6√2)/7. இதன் நார்ம் (121 − 72)/49 = 1. ஆனாலும் இது அலகு இல்லை, ஏனென்றால் இது வளையத்திலேயே இல்லை. a, b முழு எண்கள், நார்மும் ±1 என்றால் மட்டுமே, a − b√2 என்ற இணை எண்ணோ அதன் எதிர் எண்ணோ நேர்மாறாக அமையும்.

சரி, இப்போது முக்கியமான இடம். (1+√2)-இன் அடுக்குகளெல்லாம் அலகுகள், அவை முடிவில்லாமல் போகின்றன, ஆகவே எல்லா அலகுகளும் கிடைத்துவிட்டன என்று முடிப்பவர்கள் நிறைய. முடிவில்லாமல் கிடைப்பது வேறு, எல்லாமே கிடைப்பது வேறு. (3+2√2)-இன் அடுக்குகளும்தான் முடிவில்லாமல் போகின்றன! நிரூபிக்க வேண்டியது இதுதான்: 1-க்கும் 1+√2-க்கும் நடுவில் எந்த அலகும் இல்லை.

அங்கேயும் "a, b மிகை எண்கள் என்பது தெளிவு" என்று ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். அது தேவையே இல்லை. 1 < u < 1+√2 என்று u = a + b√2 ஓர் அலகு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் இணை எண் u′ = a − b√2 என்பது 1/u அல்லது −1/u, ஆகவே −1 < u′ < 1. இரண்டையும் கூட்டினால் 0 < 2a < 2+√2, அதாவது a என்பது 0-க்கும் 1.71-க்கும் நடுவில் உள்ள முழு எண், a = 1. அதை u-இல் போட்டால் 0 < b√2 < √2, அதாவது 0 < b < 1. அப்படி ஒரு முழு எண் கிடையாது.

அப்புறம் எந்த மிகை அலகு u-ஐ எடுத்தாலும் (1+√2)ⁿ ≤ u < (1+√2)ⁿ⁺¹ என்று ஒரு n இருக்கும். u-ஐ (1+√2)ⁿ-ஆல் வகுத்தால் வருவதும் அலகுதான், அது 1-க்குக் குறையாமலும் 1+√2-க்கு உள்ளேயும் இருப்பதால் 1-ஆகத்தான் இருக்க முடியும். இங்கே சிலர் வகுப்பதற்குப் பதில் கழித்துவிடுகிறார்கள். இரண்டு அலகுகளின் வித்தியாசம் அலகாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எண்ணில் செய்து பார்த்தால் இது இன்னும் பிடிபடும். a + b√2-ஐ ஒருமுறை 1+√2-ஆல் வகுத்தால் (2b − a) + (a − b)√2 வரும். 239+169√2-இன் நார்ம் 57121 − 57122 = −1. வகுத்துக்கொண்டே போனால் (a, b) இப்படி இறங்கும்:

(239,169) → (99,70) → (41,29) → (17,12) → (7,5) → (3,2) → (1,1) → (1,0)

ஏழு முறை வகுத்ததும் 1 வந்துவிட்டது, ஆகவே இது (1+√2)⁷. நார்மின் குறி ஒவ்வொரு படியிலும் மாறுவதையும் கவனியுங்கள்.

கடைசியாக, குறி. 7 − 5√2-ஐ (1+√2)⁻³ என்று எழுதுபவர்கள் உண்டு. 7 − 5√2 ஏறத்தாழ −0.07, குறை எண். (1+√2)⁻³-ஓ மிகை எண். நார்ம் −1 என்பதால் 7+5√2-இன் நேர்மாறு 5√2 − 7, ஆகவே 7 − 5√2 = −(1+√2)⁻³. இணை எண்தான் நேர்மாறு என்பது நார்ம் +1 ஆக இருக்கும்போது மட்டுமே சரி.