பேட்டிப் பதிவை எழுத்தாக்கிய பிறகு: புள்ளி எங்கே வைப்பது?

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் தருவது பல நேரம் நிறுத்தக்குறியே இல்லாத ஒரே நீள வரி. மாதிரிக்கு, காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் ஒருவருடைய பேச்சு இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

> நான் வந்து பன்னெண்டு வயசுல இல்ல பதிமூணு வயசுல தறில உட்கார்ந்தேன் போர்வை நெய்ய ரெண்டு பேர் வேணும் பக்கத்துல ஒரு ஆள் கரைக்கு நாடா தள்ளணும் தறிய வித்துட்டேன் போன வருஷம் அப்பா தவறிட்டார்

முதலில் கோப்பைப் பிரதி எடுத்து, மூலத்தைத் தொடாமல் வையுங்கள். பதிவை முக்கால் வேகத்தில் ஓடவிட்டு, எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

படி 1: தவறாகக் கேட்ட சொற்கள்

புள்ளி வைப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். தப்பான சொல் இருந்தால் வாக்கியமும் தப்பான இடத்தில் உடையும். ‘போர்வை’ சரியான தமிழ்ச் சொல், அதனால் எழுத்துப்பிழை திருத்தி அதைக் கண்டுகொள்ளாது. பட்டுச் சேலை நெய்பவர் எதற்குப் போர்வை நெய்கிறார் என்று நமக்குத்தான் உறுத்த வேண்டும். அவர் சொன்னது கோர்வை: சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்க, இரண்டையும் கோத்து நெய்வது. எல்லா இடத்திலும் ஒரே சொடுக்கில் மாற்றிவிடாதீர்கள். வேறோர் இடத்தில் நிஜமாகவே போர்வையைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

படி 2: முற்றுப்புள்ளி

தமிழில் வினைமுற்று வந்தால் பெரும்பாலும் வாக்கியம் முடிந்தது. ‘உட்கார்ந்தேன்’, ‘வேணும்’, ‘தள்ளணும்’ மூன்றுக்கும் பின்னால் புள்ளி வைக்கலாம். வம்பு கடைசி வரியில்தான் இருக்கிறது. பேச்சில் நாம் வினைக்குப் பிறகும் சொற்களை ஒட்டுவோம். ‘போன வருஷம்’ எதைச் சேர்ந்தது? தறியை விற்றது போன வருஷமா, அப்பா தவறியது போன வருஷமா? எழுத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒலியில் ‘வித்துட்டேன்’ என்பதில் குரல் இறங்கி நின்றதா, ‘வருஷம்’ என்பதில் இறங்கியதா என்று கேளுங்கள். அப்போதும் புரியவில்லையென்றால் பேசியவரையே கேட்டுவிடுவது நல்லது.

படி 3: தடுமாற்றங்கள்

‘பன்னெண்டு வயசுல இல்ல’ என்பது அவரே திருத்திக்கொண்டது; நீக்கலாம். ‘வந்து’ என்பதில்தான் கவனம் தேவை. இங்கே அது வெறும் இழுவை. ஆனால் ‘அவர் வந்து சொன்னார்’ என்றால் நேரில் வந்தாரா, இழுவையா என்பது ஒலியைக் கேட்டால்தான் தெரியும். பேச்சு வழக்கை எழுத்துத் தமிழாக மாற்றாதீர்கள். ‘வேணும்’ அப்படியே இருக்கட்டும்.

குரல் ‘வருஷம்’ என்பதில் இறங்கியிருந்தால், திருத்திய வடிவம் இது:

> நான் பதிமூணு வயசுல தறில உட்கார்ந்தேன். கோர்வை நெய்ய ரெண்டு பேர் வேணும். பக்கத்துல ஒரு ஆள் கரைக்கு நாடா தள்ளணும். தறிய வித்துட்டேன், போன வருஷம். அப்பா தவறிட்டார்.

எத்தனை முறை கேட்டும் பிடிபடாத இடத்தில் ஊகித்து எழுத வேண்டாம். [தெளிவில்லை 04:12] என்று நேரத்தோடு குறித்துவிட்டு நகருங்கள்.