வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால்: மறுப்பது எப்படி?

சென்ற ஆண்டு ஸ்கூட்டர் கடன் கேட்டு வங்கிக்குப் போன என் தங்கை, முகம் வாடித் திரும்பினாள். "நான் ஏதோ கடனைக் கட்டாமல் விட்டிருக்கிறேனாம், அண்ணா" என்றாள். அவள் அதுவரை எங்கும் கடன் வாங்கியதில்லை. அவளுடைய பான் எண்ணை வைத்து யாரோ செயலி வழியாக 18,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள்.

இத்தகைய கடன்கள் பெரும்பாலும் சிறு தொகைகள்தான். நடிகர் ராஜ்குமார் ராவ் 2022 ஏப்ரலில், தன் பான் எண்ணில் யாரோ 2,500 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாகப் பொதுவெளியில் புகார் சொன்னார். ஓ.டி.பி.யும் தவணை நினைவூட்டலும் திருடன் கொடுத்த கைபேசி எண்ணுக்கே போவதால் நமக்குத் தெரிய வழியில்லை.

படி 1: கடன் அறிக்கையை எடுங்கள்

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகியவை நம் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் கடன் தகவல் நிறுவனங்கள். இந்த நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள்.

கணக்குகள் பகுதியில் கடன் கொடுத்த நிறுவனம், தொகை, தொடங்கிய தேதி ஆகியவை இருக்கும். பெயர் புதிதாக இருக்கிறதே என்று உடனே பதற வேண்டாம். செயலியின் பெயர் ஒன்றாகவும், பின்னால் இருந்து பணம் தரும் நிதி நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருக்கும். தவணையில் கைபேசி வாங்கியிருந்தால், அந்தக் கடனே இப்படித் தெரியலாம். அதன்பின் தொடர்பு விவரங்களைப் பாருங்கள். என் தங்கையின் அறிக்கையில் அவள் ஒருநாளும் பயன்படுத்தாத கைபேசி எண் ஒன்று இருந்தது. சந்தேகம் அங்கேதான் உறுதியானது.

படி 2: கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் கேளுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். தொலைபேசியில் "நான் வாங்கவில்லை" என்று எத்தனை முறை சொன்னாலும், "உங்கள் பான் எண்தானே இருக்கிறது" என்ற பதில்தான் வரும். ஆகவே பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, பொதுவாகக் கடன் தொகை கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். அது உங்கள் கணக்கு இல்லையென்றால் அவர்களுடைய வாதம் ஆட்டம் காணும்.

நிறுவனத்தின் இணையதளத்தில் குறைதீர் அலுவலரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். நாங்கள் எழுதியது இது:

> இந்தக் கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை, பணமும் பெறவில்லை. கடன் ஒப்பந்தம், அடையாள ஆவணங்கள், விண்ணப்பத்தில் இருந்த புகைப்படம், ஓ.டி.பி. சென்ற கைபேசி எண், பணம் செலுத்தப்பட்ட வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை அனுப்புங்கள். விசாரணை முடியும்வரை வசூல் நடவடிக்கையை நிறுத்துங்கள்.

கடன் வழங்கப்பட்ட மாதத்துக்கான உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையையும் இணைத்துவிடுங்கள். பத்து நாள் கழித்து எங்களுக்குப் பதில் வந்தது. பணம் போன கணக்கு வேறொருவர் பெயரில் இருந்தது.

இதற்கிடையே "பாதியைக் கட்டுங்கள், முடித்துவிடலாம்" என்று வசூல் முகவர் பேசுவார். தொல்லை தீரட்டும் என்று கட்டிவிடாதீர்கள். கட்டினால் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக வாதிடுவார்கள். அறிக்கையிலும் சமரசத்தில் முடிந்த கடன் என்ற கறை தங்கிவிடும்.

படி 3: காவல் துறையில் புகார்

`cybercrime.gov.in` தளத்திலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். அடுத்தவரின் அடையாளத்தைத் திருடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்கீழ் குற்றம். தமிழ்நாட்டில் முதல் தகவல் அறிக்கை உடனே பதிவாகாவிட்டாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த படிகளில் அந்த எண் தேவைப்படும்.

படி 4: கடன் தகவல் நிறுவனத்தில் மறுப்பு

சிபில் தளத்தில் உள்நுழைந்து, குறிப்பிட்ட கணக்கைத் தேர்ந்தெடுத்து, அது உங்களுடையது அல்ல என்று மறுப்பைப் பதியுங்கள். சிபில் தானாக எதையும் நீக்காது. கடன் கொடுத்தவரின் ஒப்புதலைக் கேட்கும். அதனால்தான் இரண்டாம் படியை முதலில் முடிக்கச் சொல்கிறேன். 30 நாளுக்குள் தீர்வு வராவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதி.

படி 5: ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்

கடன் கொடுத்தவர் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, புகாரை நிராகரித்தாலோ, `cms.rbi.org.in` தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அனுப்பிய மின்னஞ்சல்களையும் ரசீதையும் அங்கே இணைக்க வேண்டும்.

தீர்வு வந்ததும் புதிய அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கணக்கு "முடிந்தது" என்று மாறியிருந்தால் போதாது. பதிவே இருக்கக் கூடாது. தங்கையின் சிபில் அறிக்கையிலிருந்து அது நீங்கிய பிறகும் வேறொரு நிறுவனத்தின் அறிக்கையில் அப்படியே இருந்தது. கடன் அவளுடையது அல்ல என்று நிதி நிறுவனம் கொடுத்த கடிதத்தை இணைத்து, அங்கேயும் தனியாக மறுப்புப் பதிந்த பிறகுதான் நீக்கினார்கள்.