லத்தீன் தேர்வும் 'ஏ' விகுதியும்

தங்கச்சிமடத்தில் லத்தீன் பேச ஆள் கிடையாது. தேர்வும் பேச்சைக் கேட்பதில்லை, பத்தியைத் தமிழாக்கினால் போதும். என்னைப் படுத்தியது 'ஏ' விகுதி. "நௌத்தே புயெல்லா ரோசாம் தாத்" என்ற வாக்கியத்தில் நௌத்தே என்பது 'மாலுமியின்', 'மாலுமிக்கு', 'மாலுமிகள்' என மூன்றாகவும் வரும்.

எங்கள் பங்குச் சாமி, "கடைசியில இருக்கிற வினையை முதல்ல பாருப்பா" என்றார். தாத் ஒருமை, 'கொடுக்கிறாள்'. அதனால் 'மாலுமிகள்' எழுவாயாக முடியாது. ரோசாம் என்பதில் 'ஆம்' இருக்கிறது, அது நம் 'ஐ' உருபு மாதிரி: ரோஜாவை. எழுவாய் புயெல்லா, சிறுமி. கொடுக்கும் வினைக்கு வாங்குபவர் வேண்டுமே, எனவே 'சிறுமி மாலுமிக்கு ரோஜாவைக் கொடுக்கிறாள்'. 'மாலுமியின் சிறுமி' என்பதும் இலக்கணப்படி தப்பில்லை; ஆனால் யாருக்குக் கொடுக்கிறாள் என்பது தொங்கும்.

இப்போது பென்சிலால் வினையை அடிக்கோடிட்டு ஒருமையா பன்மையா என்று குறித்த பிறகுதான் அகராதியைத் தொடுகிறேன். வினை பன்மையாகி, "நௌத்தே புயெல்லே ரோசாம் தாந்த்" என்று வந்தால் இந்த வழி கைகொடுக்காது. மாலுமிகள் சிறுமிக்கா, சிறுமிகள் மாலுமிக்கா என்று முந்தைய வரிதான் சொல்ல வேண்டும்.